டிஸ்கில் இடமில்லை

அலுவலகத்தில் என் கணவரை எல்லோரும் டெம்ப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் துணி வெளுக்கும் பகுதிக்கும் நடுவே இருந்தது எங்கள் கணினிப் பிரிவு. ஜன்னல் இல்லாத அறை. சர்வர்களுக்காக வைத்த ஏசி எங்களுக்கும் சேர்த்து வீசியதால், வருடம் முழுக்க நான் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்த்தேன். டேட்டாபேஸைக் காப்பது அவர் வேலை. அதிலிருந்து அன்றாட அறிக்கைகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வீட்டில் "என்னங்க" என்று கூப்பிடும் நான் அங்கே "சார்" என்பேன். அதற்கு அவர் "சொல்லுங்க மேடம்" என்று எழுந்து நிற்பது போலப் பாவனை செய்வார்.

டெம்ப்பு என்ற பெயர் வந்ததற்குக் காரணம், கூட்டம் என்று எது நடந்தாலும் கடைசியில் கையைத் தூக்கி, "டெம்ப் இடத்துக்குத் தனி டிஸ்க் வேணும் சார்" என்று அவர் கேட்டதுதான். கேட்டுக் கேட்டுச் சலித்து, ஒரு நாள் டைரக்டரே கூட்டத்தை முடிக்கும்போது, "சரி, எல்லாரும் கிளம்பலாம். மிஸ்டர் டெம்ப்பு, உங்க பாட்டைப் பாடிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து சாப்பாட்டு அறையில் தட்டு கழுவுகிறவர் வரைக்கும் அவர் டெம்ப்பு சார்தான். டிஸ்க் வரவில்லை. அந்த வருடம் வாசல் கூடத்துக்குச் சுவர் அகலத்தில் ஒரு திரை வந்தது.

அவர் கேட்டது என்ன என்று என் மாமியாருக்கு அவர் ஒரு முறை விளக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமியார் சமையல் மேடையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என் கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் போய் டயாலிசிஸில் இருந்ததால், எங்கள் வீட்டில் காயைச் சின்னதாக நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து அதையும் கொட்டித்தான் சமைப்போம். பொட்டாசியம் போக வேண்டும்; அது ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். அதனால் மேடை முழுக்க எப்போதும் பாத்திரங்கள்.

"அம்மா, இந்த மேடைதான் மெமரின்னு வெச்சுக்கோ. கொஞ்சம் காய்னா இதுலயே பிரிச்சு அடுக்கிடலாம். ஒரு மூட்டை காயைக் கொண்டுவந்து கொட்டி, பெருசு சிறுசுன்னு வரிசைப்படுத்தணும், அதுக்கு ஜோடியா இன்னொரு மூட்டையில எது எதுன்னு தேடிச் சேர்க்கணும்னு சொன்னா என்ன பண்ணுவ?"

"உன்னைத் திட்டுவேன்."

"திட்டிட்டு?"

"தட்டு தட்டாப் பிரிச்சுத் தரையில வெப்பேன். ஒவ்வொரு தட்டா மேல எடுத்துச் செய்வேன்."

"அதேதான். அந்தத் தரைதான் டிஸ்க். அதுல இந்தத் தட்டுங்க வைக்கிற இடம்தான் டெம்ப். வேலை முடிஞ்சா தட்டெல்லாம் எடுத்துடுவ, தரை காலியாயிடும். ஆனா நடுவுல தரை பூரா தட்டு வெச்சுட்டா, அக்கா உள்ள வந்து காபி டம்ளரை வைக்கக்கூட இடம் இருக்காது."

"அவளுக்கு டம்ளர் வைக்க இடம் இல்லன்னா வீடே ரெண்டாயிடுமேடா" என்றார் மாமியார்.

அக்கா என்று சொன்னது என் நாத்தனாரை. என் கணவருக்கு ஐந்து வயது மூத்தவள். பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுப்பதாக முடிவாகி, அறுவைக்கு அடுத்த மாதத்தில் நாளும் குறித்திருந்தார்கள். எங்கள் மருத்துவமனையில் ஊழியர்களுக்கு மட்டும் அந்த அறுவை அங்கேயே, முன்னுரிமையில் நடக்கும். ஊழியராக இருக்க வேண்டும், அறுவை நாள் வரை உயிரோடும் இருக்க வேண்டும். இந்த இரண்டே நிபந்தனைதான் எங்கள் எல்லோர் வாழ்க்கையையும் நடத்திக்கொண்டிருந்தது. நாத்தனார் அதையும் கேலியாகத்தான் பேசுவாள்.

"டேய், என்னோடதை உனக்குள்ள வெச்சா நீயும் என்னை மாதிரி வாயாடியா ஆயிடுவ. அந்த டைரக்டரை ஒரு நாள் நல்லாக் கேக்கப் போற, பாரு."

"அப்ப வேலை போயிடும்க்கா."

"போகட்டுமே. கிட்னியைத் திருப்பியா கேப்பாங்க?"

டைரக்டருக்குப் பிடித்த ஆள் ஒருவர் எங்கள் அறையிலேயே இருந்தார். புள்ளிவிவரப் படங்கள் வரைகிறவர். வண்ண வண்ணமாக வளைகோடுகள் போடுவதால் அவரை ஓவியர் என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் படம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காதவர். டேட்டாபேஸிடம் தகவல் கேட்டு அவர் எழுதும் குவெரிகளும் அப்படித்தான். அந்த மாதம் தரச்சான்றுக் குழு வர இருந்தது. அவர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்று டைரக்டர் கேட்டிருந்தார். நோயாளியிடம் ரத்தம் எடுத்ததிலிருந்து ஆபத்தான முடிவு மருத்துவரின் திரைக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகிறது, வருடா வருடம் அது எப்படிக் குறைந்திருக்கிறது என்று காட்டும் படம்.

அதற்காக ஓவியர் இத்தனை வருடத்து வருகைகளையும், பரிசோதனை முடிவுகளையும், மருந்து வழங்கல்களையும் ஒரே குவெரியில் சேர்த்தார். எந்த வருகையில் எந்தப் பரிசோதனை என்று பார்த்துச் சேர்க்காமல், நோயாளி எண் ஒன்றாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார். நாற்பது தடவை வந்து நூறு பரிசோதனை செய்துகொண்ட ஒருவருக்கு, ஒவ்வொரு வருகையும் ஒவ்வொரு பரிசோதனையோடும் ஜோடி சேரும். அந்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு மருந்தோடு சேரும். சில நூறு வரிகள் லட்சங்களாகிவிடும். அத்தனையையும் நேர வரிசைப்படி அடுக்கச் சொல்லி ஒரு வரி கடைசியில். டேட்டாபேஸ் தன் பழைய கணக்கை நம்பி, சின்ன வேலைதான் என்று நினைத்து ஆரம்பிக்கும். மெமரியில் அடங்காது என்று தெரிந்ததும் தட்டு தட்டாகப் பிரித்து டிஸ்கில் வைக்கத் தொடங்கும்.

இதை என் கணவர் முதலிலேயே பார்த்தார். "தம்பி, வருகை எண்ணையும் சேர்த்து ஜோடி போடுங்க. மருந்து டேபிள் இந்தப் படத்துக்குத் தேவையே இல்ல, எடுத்துடுங்க. நொடியில முடியும்" என்று அவரிடம் போய்ச் சொன்னார்.

"ஒரு மாசத்துக்கு ஓட்டிப் பார்த்தேன், படம் சரியாத்தானே சார் வருது. உங்க சர்வர்தான் மெதுவா இருக்கு" என்றார் ஓவியர்.

அதனால் என் கணவர் தன் அதிகாரத்தில் இருந்ததைச் செய்தார். ஓவியரின் கணக்குக்கு டெம்ப் இடத்தில் ஓர் உச்சவரம்பு போட்டார். அதைத் தாண்டினால் அந்தக் குவெரி மட்டும் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு வரி.

சனிக்கிழமை டைரக்டரின் அறையில் ஒத்திகை. ஓவியர் பொத்தானை அழுத்தியதும் சுவரில் படத்துக்குப் பதில் பிழைச் செய்தி வந்தது. டெம்ப் கோப்பின் அளவு வரம்பைத் தாண்டியது என்று. அந்த நேரம் என் கணவர் டயாலிசிஸ் பிரிவில், கையில் இரண்டு ஊசியோடு படுத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். போன் என் கையில்தான் இருந்தது.

"அவர் டயாலிசிஸ்ல இருக்கார் சார்" என்றேன்.

"தெரியும். நம்ம கட்டடத்துலதானே? லிப்ட்ல அஞ்சு நிமிஷம்" என்றார் டைரக்டர். "நான் தோட்டக்காரர்கிட்ட தண்ணி ஊத்தச் சொல்றேன். அவர் செடிக்குத் தண்ணி அளவு வெச்சிருக்கேன்ங்கறார். வந்து அந்த வரம்பை எடுக்கச் சொல்லுங்க."

"திங்கட்கிழமை காலையில எடுத்துடறேன்னு சொல்லும்மா" என்றார் இவர் படுக்கையிலிருந்து. அது டைரக்டருக்குக் கேட்டது.

"திங்கட்கிழமை அந்த நாற்காலி அவருக்கு வேணுமான்னு கேளுங்க."

செவிலியர் திட்டிக்கொண்டே பாதியில் இயந்திரத்தை நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை வேற நடுவுல வருது. இவ்வளவு இடைவெளி தாங்காது சார்" என்றார். சிறுநீரக மருத்துவர் வந்து பார்த்து, திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாக ரத்தம் கொடுத்துவிடச் சொன்னார். அளவு மோசமாக இருந்தால் அன்றைய டயாலிசிஸுக்கு மதியம் வரை காத்திருக்காமல் உடனே கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். இவர் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு மேலே போய், அந்த ஒரு வரியை எடுத்தார்.

"இப்ப படம் வரும் சார். ஆனா ஓடும்போது யாராவது டிஸ்கைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

"நீங்க இருக்கீங்களே" என்றார் டைரக்டர். அன்று ஒரு வருடத்துக்கு மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிறு முழுக்க மாமியார் காயை மூன்று தண்ணீரில் ஊறவைத்தார்.

திங்கள் காலை அவர் ஊழியர்களுக்கான கவுன்ட்டரில் ரத்தம் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தார். எங்கள் மருத்துவமனையில் ரத்தம் சேகரிக்கும் குழாய்களில் பெயர் இருக்காது. பெயர் தெரியும்படி குழாய்கள் கிடக்கின்றன என்று யாரோ புகார் செய்ததால், கோடுகளும் எண்ணும் மட்டும் ஒட்டும்படி டைரக்டர் மாற்றியிருந்தார். எந்த எண் யாருடையது என்பது டேட்டாபேஸில் மட்டும்தான் இருக்கும். எங்கள் ரகசியக் காப்பு முறை என்று அதைப் பற்றிக் கூடத்துத் திரையில்கூட ஓடியது.

பத்து மணிக்குத் தரச்சான்றுக் குழு வந்தது. அவர்களை மேலே உட்காரவைத்துவிட்டு டைரக்டர் எங்கள் அறைக்கு இறங்கி வந்தார். ஓவியர் படத்தை ஓடவிட்டார். என் கணவர் தன் திரையில் டிஸ்கில் மீதம் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது குறைந்துகொண்டே வந்தது. டேட்டா, ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் லாக், டெம்ப் மூன்றும் ஒரே டிஸ்கில் இருந்தன. அதற்காகத்தான் அவர் அத்தனை வருடம் தனி டிஸ்க் கேட்டார்.

"சார், நிறுத்திடறேன். நிறுத்தினா எடுத்துக்கிட்ட இடமெல்லாம் உடனே திரும்பி வந்துடும். மருந்து டேபிளை எடுத்துட்டு நானே மறுபடி ஓட்டித் தர்றேன்."

"எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்று ஓவியரைக் கேட்டார் டைரக்டர்.

"பாதிக்கு மேல வந்திருக்கும் சார்" என்றார் ஓவியர். அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரிய வழியில்லை.

"பாதி சாப்பிட்டவனை எழுப்பறது பாவம் மிஸ்டர் டெம்ப்பு. கையை எடுங்க."

"டெம்ப் மட்டும் போனா பரவால்ல சார். லாக் எழுத இடம் இல்லன்னா மொத்த சர்வரும் நின்னுடும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. நின்னுதா?"

"போன வாரம் வரம்பு இருந்துச்சு சார்."

டைரக்டர் சிரித்தார். "எதிர்த்துப் பேச ஆரம்பிச்சாச்சு. அக்கா கிட்னி இன்னும் உள்ளயே போகல, அதுக்குள்ளயா?" அறையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நாத்தனாரின் வாய் எங்கள் அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். என் கணவரின் கை தட்டச்சுப் பலகையிலிருந்து மடிக்கு இறங்கியது. அடுத்த மாதத் தேதி அந்தக் கைக்கு நினைவு வந்திருக்கும்.

முதலில் என் குவெரி விழுந்தது. வார்டுகளின் மதிய உணவுப் பட்டியல், சின்ன வேலை, கொஞ்சம் வரிசைப்படுத்த வேண்டும். டெம்ப் கோப்பு எழுத முடியவில்லை, டிஸ்கில் இடமில்லை என்று வந்தது. டம்ளர் வைக்க இடமில்லை. அடுத்த நொடி லாக் எழுத முடியாமல் சர்வர் நின்றது. ஒரு மாற்றத்தை எழுதிவைக்க முடியாதபோது, எழுதியதாகப் பொய் சொல்வதைவிட நின்றுவிடுவதே மேல் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். எட்டு மாடியிலும் எல்லாத் திரைகளும் உறைந்தன. போன்கள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின.

அவர் ரீஸ்டார்ட் செய்தார். தொடங்கும்போதே சர்வர் மிச்சம் கிடந்த டெம்ப் கோப்புகளை அழித்துவிடும், அதனால் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கடைசியாகச் சேமித்த நிலையிலிருந்து, நடந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் லாகைப் படித்து மறுபடி செய்து முடித்த பிறகுதான் கதவைத் திறக்கும். அன்றைக்கு லாக் நிறைய இருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி ஆகலாம் சார். நடுவுல நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து. காத்திருக்கறதைத் தவிர செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல."

"செய்யறதுக்கு ஒண்ணும் இல்லன்னா சந்தோஷமா உக்காருங்க. எழுந்து போகாம."

அப்போதுதான் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ஆய்வகத்துப் பெண் மூச்சு வாங்கப் பேசினாள்.

"டெம்ப்பு சார், ஒரு நம்பர் யாருதுன்னு பார்த்துச் சொல்லுங்களேன். பொட்டாசியம் எட்டுகிட்ட இருக்கு. ரத்தம் உடைஞ்சு தப்பா காட்டுதோன்னு ரெண்டாவது வாட்டியும் ஓட்டிட்டேன், அப்படியேதான் வருது. அந்த ஆளை உடனே பிடிக்கணும் சார்."

"சர்வர் படுத்துக்கிச்சும்மா. எழுந்தாதான் பேரு தெரியும். எந்த வார்டு?"

"அதுவும் தெரியல. காலையில எல்லா கவுன்ட்டர்லேர்ந்தும் ஒரே பெட்டியிலதான் வருது. நூத்துக்கணக்குல இருக்கு. ஒவ்வொரு வார்டா போன் பண்ணிக் கேட்டுட்டிருக்கேன், யாருக்கும் தெரியல."

"நம்பரைச் சொல்லு. எழுந்ததும் முதல்ல அதைத்தான் பார்ப்பேன்."

அவள் சொன்னாள். எழுதத் தாள் தேடாமல் அவர் இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். பிறகு மறுபடி திரையைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் முகம் மாறியிருந்தது. தனக்காக இல்லாமல் வேறு யாருக்காகவோ பயப்படும்போது வரும் முகம் அது.

"பாவம், யாரோ" என்றார்.

மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு எண்ணைச் சொன்னால், மனதில் அது எங்கோ ஒரு படுக்கையில் கிடக்கும் யாரோ ஒருவராகத்தான் தோன்றும். பிறகு நாத்தனார் என்னைக் கேட்டபோது நான் சொன்ன பதில் அதுதான். அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் மருத்துவமனையில் வேலை பார்த்தவள் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தொடையைத் தேய்த்துக்கொண்டார். "காலு ரெண்டும் யாரோடதோ மாதிரி இருக்கு" என்றார்.

"டயாலிசிஸுக்கு இப்பவே போயிடுங்க. இதை நான் பார்த்துக்கறேன். எழுந்ததும் நம்பரை நான் பார்க்கறேன்" என்றேன்.

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "குடும்பம் நடத்தறதை வீட்டுல வெச்சுக்குங்க மேடம். மேல அஞ்சு பேர் எனக்காகக் காத்திட்டிருக்காங்க. இவர் எழுந்து போனா, திரும்பி வரும்போது ஊழியரா வர வேண்டாம், நோயாளியா வரட்டும். வரிசையில நின்னு."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அர்த்தம் அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. ஊழியர் இல்லையென்றால் அடுத்த மாதம் அறுவை இல்லை. யாரும் இந்த முறை சிரிக்கவில்லை. ஓவியர் தன் திரையில் வளைகோட்டுக்கு வண்ணம் மாற்றிக்கொண்டிருந்தார்.

"மதியம்தானேம்மா எனக்கு நேரம்" என்றார் இவர். "அதுக்குள்ள எழுந்துடும். அந்த ஆளு யாருன்னு பார்த்துச் சொல்லிட்டுப் போயிடறேன்."

ஆய்வகத்துப் பெண் இன்னொரு முறை கூப்பிட்டாள். "இன்னும் இல்லம்மா" என்றார். அதற்குள் அவர் குரல் தளர்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, அன்றைய அளவு தாண்டக்கூடாது என்று மீதியைத் திருப்பித் தந்தார்.

சர்வர் எழுந்தது. இணைப்புகளை ஏற்கத் தயார் என்ற வரி வந்ததும் டைரக்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல படம். மத்தவங்க யாரையும் கொஞ்ச நேரம் உள்ள விடாதீங்க. இடம் பூரா இதுக்கே கிடைக்கட்டும்."

"ஒரே ஒரு பேரு சார். ஒரு நொடி."

"சொன்னது காதுல விழலையா?"

என் கணவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்து அந்த எண்ணைத் தட்டினார். ஒரு எண்ணைக் கொடுத்து ஒரு பெயரைக் கேட்பதற்கு மேடையும் வேண்டாம், தரையும் வேண்டாம். கண் இமைக்கும் முன் பதில் வந்தது. ஒரே ஒரு வரி.

அவர் அதைப் படித்தார். என் பக்கம் திரும்பினார். கொஞ்சம் வெட்கப்பட்டது போல ஒரு சிரிப்பு.

"ஏம்மா, ஒருத்தரை அவசரமாக் கூட்டிட்டுப் போகணும்."

"யாரை?"

"என்னைத்தான்."

எழுந்திருக்கப் பார்த்தார். கால்கள் வரவில்லை. மேசையைப் பிடித்துப் பாதி எழுந்தவரைப் பார்த்து, "எங்க எழுந்திருக்கறீங்க?" என்றார் டைரக்டர். அவர் இன்னும் திரையைப் பார்க்கவில்லை. என் கணவர் அவருடைய காலடியில்தான் விழுந்தார்.

நான் கத்தினேன். யாரோ அவசரப் பொத்தானை அடித்தார்கள். ஆட்கள் ஓடி வந்தார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே, எழுந்திருந்த சர்வரைத் தானாகவே தேடி இணைந்துகொண்டு ஓவியரின் படம் மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்கைப் பார்க்க வேண்டியவர் தரையில் கிடந்தார். இளம் மருத்துவர் ஒருவர் இவருடைய பழைய அளவுகளைப் பார்க்கத் திரையைத் திறந்தார். கால்சியம் ஏற்றுங்கள், டயாலிசிஸ் நோயாளி, சனிக்கிழமை பாதியில் நிறுத்தினார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏற்றினார்கள். அந்த மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்த திரை அப்படியே உறைந்தது. டிஸ்க் மறுபடி நிறைந்துவிட்டது.

அவர் உயிர் அந்த அறையிலேயே போய்விட்டது. ஜன்னல் இல்லாத அறை. இடது கையை நான் பிடித்திருந்தேன். வியர்வையில் எண் பாதி அழிந்து என் கையில் ஒட்டியிருந்தது.

விசாரணை நடந்தது. டெம்ப் இடத்துக்கு இருந்த வரம்பை நீக்கியது யார் என்று பார்த்தார்கள். சனிக்கிழமை, அவருடைய கணக்கிலிருந்து நீக்கப்பட்டதாகப் பதிவு சொன்னது. வாயால் சொன்னதற்குப் பதிவு இல்லை. ஓவியரின் குவெரி எவ்வளவு இடம் தின்றது என்று காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. வேலை நின்றால் அந்தக் கோப்புகள் போய்விடும். நான் சொன்னேன். "நீங்க துக்கத்துல இருக்கீங்க" என்றார்கள். "டேட்டாபேஸ் நிர்வாகியின் கவனக்குறைவு; அவர் காலமாகிவிட்டதால் மேல் நடவடிக்கை இல்லை" என்று முடித்தார்கள். டைரக்டர் இரங்கல் கூட்டத்தில் பேசினார். கடைசி மூச்சு வரை கடமை என்று சொன்னார். அவர் பேசி முடித்துப் போகும் வழியில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். என்ன கேட்கப் போகிறாளோ என்று நான் பார்த்தேன். அத்தனை வாய் பேசுகிறவள் இடுப்பில் கைவைத்து, "ரெண்டும் என்கிட்டயேதான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அவர் நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெம்ப்புக்குத் தனி டிஸ்க் வந்தது. வரம்பும் திரும்ப வந்தது, அவர் முன்பு போட்ட அதே அளவில். வேறு வேலை கிடைக்கும்வரை நான் அங்கேயே இருந்தேன்.

தரச்சான்றுக் குழு மறுபடி வரும் நாளில், ஓவியர் தன் குவெரியை என்னிடம் கொண்டுவந்தார். இந்த முறை மருந்து டேபிள் இல்லை. வருகை எண் சேர்த்திருந்தார். என் கணவர் சொன்னபடியே செய்திருந்தார். நொடியில் ஓடியது. ரத்தம் எடுத்ததிலிருந்து ஆபத்தான முடிவு மருத்துவரிடம் சேரும் நேரம், வருடா வருடம் அழகாகக் குறையும் பச்சைக் கோடு.

"ஒரு தடவை சரிபார்த்துடுங்க மேடம். டைரக்டர் உங்ககிட்ட காட்டச் சொன்னார்."

படித்துக்கொண்டே வந்தேன். நிபந்தனைகளின் கடைசியில், ஒரே ஒரு குழாயை மட்டும் விலக்கும் வரி இருந்தது. அன்று என் கையில் பாதியாக ஒட்டிய எண், இங்கே முழுதாக இருந்தது.

"இது என்ன?"

"அதுவா மேடம்? அந்த ஒரு குழாய் மட்டும் சராசரியைக் கெடுக்குது. ரிசல்ட் டாக்டர் திரைக்குப் போய்ச் சேர அரை நாளுக்கு மேல ஆயிருக்கு. ஏதோ சர்வர் கோளாறு நாளு போல. எடுத்துட்டேன்."

"யாரோடதுன்னு பார்த்தீங்களா?"

"இல்ல மேடம். நம்பர்தானே இருக்கு."

அவர் நின்றுகொண்டிருந்தார். நான் அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டினேன். பச்சைக் கோடு கடைசி வருடத்தில் மேலே ஏறியது. ஓவியர் குனிந்து பார்த்தார், முகம் சுளித்தார், என் கைக்கு மேலாகக் கை நீட்டி அந்த வரியை மறுபடி எழுதினார். பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.